கிரியாட்டினின் 11 என்றதும் டயாலிசிஸ் கேட்டு ஓடாதீர்கள்

பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், இங்கே நோட்டில் கையால் எழுதிவைத்த ரத்தப் பரிசோதனை எண்களைக் கொண்டுபோகிறார்கள். அங்கே உறவுக்காரப் பையன் யாராவது அவற்றை எக்செலில் தட்டி, இணையத்தில் கிடைத்த இயல்பு வரம்பைப் பக்கத்தில் ஒட்டி, மீறியதற்கெல்லாம் சிவப்பு அடிக்கிறான். பிறகு வீட்டில் அழுகை. இந்த மாதிரி அட்டவணை ஒன்று திரும்பவும் கைக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அறுபத்திரண்டு வயது அம்மா. நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: சர்க்கரை 1,31, கிரியாட்டினின் 11, தட்டணு 187, தைராய்டு டி.எஸ்.எச். 1,8. அலகு ஒன்றுக்கும் இல்லை. அட்டவணையில் கிரியாட்டினினுக்கு நேரே 0.6 முதல் 1.1 வரை என்று வரம்பு. பதினொன்று அதைப் பத்து மடங்கு தாண்டி நிற்கிறது. சிறுநீரகம் முடிந்துபோயிற்று என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது.

இங்கே பிரெஞ்சு ஆய்வகத் தாளில் கிரியாட்டினின் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வருகிறது. இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை என்று எழுதுகிறார்கள். ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். ஆகவே இங்கத்திய 11 அங்கே 1.1. அதே அளவை லிட்டருக்கு மைக்ரோமோலில் எழுதினால் சுமார் 97. மூன்று எண்களும் ஒரே ரத்தம்தான். "எண்தானே முக்கியம், அலகு எதற்கு" என்று கேட்பவர்களுக்காக இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது: அலகு இல்லாத எண் பரிசோதனை முடிவே இல்லை. அந்த அம்மாவின் அச்சுத் தாளை வரவழைத்துப் பார்த்தால், வரம்பு 5 முதல் 10 என்று இருக்கிறது. 11 என்பது லேசான உயர்வு. மருத்துவர் பார்க்கவேண்டிய உயர்வுதான், ஆனால் டயாலிசிஸ் பேச்சுக்கு இடமே இல்லை. இணைய வரம்பை வைத்தாலும் அச்சுத் தாளின் வரம்பை வைத்தாலும் 11க்கு "உயர்வு" என்றுதான் எச்சரிக்கைக் கொடி விழுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் கொடியை மட்டும் பார்த்துப் பயனில்லை.

கிரியாட்டினின் வெறும் பீதியோடு போயிற்று. சர்க்கரைதான் உண்மையில் ஆபத்து. வெறும் வயிற்றில் 1,31 என்பது லிட்டருக்கு 1.31 கிராம், அதாவது இந்தியக் கணக்கில் டெசிலிட்டருக்கு 131 மில்லிகிராம். அதன் பக்கத்தில் 70 முதல் 110 என்ற இந்திய வரம்பை ஒட்டினால், கணினி 1.31ஐப் பார்த்து "குறைவு" என்று கொடி போடும். நீரிழிவு என்று சொல்ல வெறும் வயிற்று எல்லை லிட்டருக்கு 1.26 கிராம், அதை, வேறொரு நாள் எடுத்த ரத்தத்திலும் உறுதிசெய்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிய ஒருவருக்கு "சர்க்கரை தாழ்ந்திருக்கிறது" என்று ஓர் அட்டவணை சொல்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு வெல்லம் கரைத்துக் கொடுக்க இது போதாதா?

தட்டணு 187 என்பது கனமில்லிமீட்டருக்கு ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம். சுகமான எண். லட்சத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு அது வெறும் 187ஆகக் கேட்டால் டெங்கு வார்டு நினைவுக்கு வந்துவிடும்.

அலகு இல்லாத நோட்டைப் படிக்கும்போது ஒரு சோதனை உதவும். எண்ணை ஒவ்வொரு அலகிலும் வைத்துப் பாருங்கள்; எழுந்து நடமாடி விமானம் ஏறிய மனிதருக்கு எது பொருந்தும்? கிரியாட்டினின் 97ஐ டெசிலிட்டருக்கு மில்லிகிராமாக வைத்தால் எவரும் உயிரோடு இருக்கமாட்டார். ஆனால் இது சந்தேகத்தைக் கிளப்பத்தான், அலகைத் தீர்மானிக்க அல்ல. தீர்மானம் அச்சுத் தாளில் இருக்கிறது. தாள் தொலைந்தால் ஆய்வகத்தில் பிரதி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது கையெழுத்து. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கை, ஒன்றுக்கு நீளமான மேல்கோடு இழுக்கும். ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடும். இந்தியக் கண்ணுக்கு அந்த ஒன்று ஏழாகவே தெரியும். அந்த அம்மாவின் டி.எஸ்.எச். 1,8ஐ அட்டவணையில் 7.8 என்று ஏற்றியிருந்தார்கள். மேல் எல்லை பொதுவாக 4 சுற்றி இருப்பதால் 7.8க்குச் சிவப்பு, அதை நம்பித் தைராக்சின் அளவைக் கூட்டினால் இதயம் படபடக்கும். ஒரே பக்கத்தில் சந்தேகமில்லாத ஓர் ஏழைத் தேடுங்கள், தேதியிலோ தொலைபேசி எண்ணிலோ கிடைக்கும். அந்த ஏழுக்குக் குறுக்குக்கோடு இருந்தால், கோடில்லாதது ஒன்றாக இருக்கவே அதிக வாய்ப்பு.

தசமப் புள்ளிக்குப் பதில் இங்கே கமா. ஆங்கில அமைப்பில் உள்ள எக்செல் 1,310 என்பதை ஆயிரத்து முந்நூற்றுப் பத்தாக எடுத்துக்கொள்ளும். சில எண்கள் எண்ணாகவே ஏறாமல் எழுத்தாக நின்றுவிடும். எக்செல் எழுத்தை எந்த எண்ணைவிடவும் பெரியதாகக் கணக்கிடுகிறது, ஆகவே எழுத்தாக நின்ற எல்லாவற்றுக்கும் "உயர்வு" விழும். "<5" என்று அச்சடித்து வரும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.க்கும் இதே கதி, அது நல்ல முடிவு என்றாலும். எனவே முதலில் எண்தானா, வரம்பு இருக்கிறதா என்று கேட்கிற சூத்திரம் போடுங்கள். B மதிப்பு, D கீழ் எல்லை, E மேல் எல்லை:

```
=IF(COUNT(B2,D2,E2)<3,"சரிபார்",IF(B2<D2,"குறைவு",IF(B2>E2,"உயர்வு","")))
```

பிரெஞ்சு எக்செலில் IFக்குப் பதில் SI, COUNTக்குப் பதில் NB, கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி. மேல் எல்லை மட்டும் உள்ள பரிசோதனைக்குக் கீழ் எல்லையில் 0 போடுங்கள்.

அட்டவணையை இப்படி அமையுங்கள். பரிசோதனையின் பெயர், நோட்டில் எழுதியபடியே, ஆங்கில எக்செலானால் கமாவை மட்டும் புள்ளியாக்கி, மதிப்பு, அலகு, அதே தாளில் அதே ஆய்வகம் அச்சிட்ட கீழ் எல்லை, மேல் எல்லை, கொடி. இந்திய அலகுக்கு மாற்றினால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். மூல எண்ணின் மேல் எழுதாதீர்கள், ஏனெனில் மாற்றியதை இன்னொருவர் மறுபடி மாற்றுவார். ஹீமோகுளோபினுக்கு ஆண் வரம்பு வேறு, பெண் வரம்பு வேறு, டெசிலிட்டருக்கு 12.3 கிராம் பெண்ணுக்கு இயல்பு, ஆணுக்குக் குறைவு. வரம்பு கிடைக்கவில்லையா, அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கூகுளிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள், தயவுசெய்து.

எல்லாம் ஏற்றிய பிறகு இன்னொருவர் நோட்டை உரக்கப் படிக்கட்டும், நீங்கள் திரையில் சரிபாருங்கள். படிக்கும்போது புள்ளியையும் அலகையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஐயமுள்ள எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு, நோட்டுப் பக்கத்தின் படத்தையும் அச்சுத் தாளின் படத்தையும் அட்டவணையோடு சேர்த்தே மருத்துவரிடம் கொடுங்கள்.