மதுரைக்கு ஏன் வெளிர் கலர்? ஒரே டேட்டாவுல ரெண்டு மேப் போட்ட கதை

மாவட்டம் மாவட்டமா கலர் அடிச்சு, கூடுதலா இருந்தா அடர் கலர், குறைவா இருந்தா வெளிர் கலர்னு காட்டுற மேப் இருக்குல்ல, அதுக்குப் பேரு கோரோப்ளெத். தேர்தல் ரிசல்ட், மழை அளவு, படிப்பறிவுன்னு நியூஸ்ல நாம தினமும் பாக்குறது பெரும்பாலும் இதுதான். நான் கம்ப்யூட்டர்ல மேப் போடுற ஜிஐஎஸ் வேலை பாக்குறவன், இந்த மாதிரி மேப் வருஷத்துக்கு எத்தனை போடுறேன்னு எனக்கே கணக்கு கிடையாது. ஆனா ஒரு தடவை ஒரு மீட்டிங்ல ஒருத்தர் கேட்ட கேள்விக்கு அப்புறம்தான் எந்த எண்ணுல வெட்டி அடுத்த கலருக்குப் போறதுங்கிற கிளாஸ் பிரேக் விஷயத்துல கொஞ்சம் பயம் வந்துச்சு.

2011 சென்சஸ் வச்சு தமிழ்நாட்டு மாவட்டங்களோட எழுத்தறிவு விகிதத்தை மேப்பா போட்டுக் குடுத்தேன். அப்ப 32 மாவட்டம்தான். (இப்ப 38 ஆயிடுச்சு, அதனால இன்னைக்கு பவுண்டரி ஃபைலை எடுத்து 2011 டேட்டாவோட ஜாயின் பண்ணா தென்காசி, ராணிப்பேட்டை எல்லாம் காலியா நிக்கும், அது தனி தலைவலி.) நாலு கலர், குவான்டைல் முறை. மீட்டிங்ல மதுரைக்காரர் ஒருத்தர் எழுந்து, "ஏங்க, நாகப்பட்டினம் கன்னியாகுமரியோட ஒரே கலர்ல இருக்கு, எங்க மதுரை மட்டும் ஒரு படி கீழ சிவகங்கையோட நிக்குதே, நாங்க அவ்வளவு மோசமா?"ன்னு கேட்டார். லேப்டாப்ல அட்ரிபியூட் டேபிளைத் திறந்து பாத்தேன். நாகப்பட்டினம் 83.59, மதுரை 83.45. வித்தியாசம் 0.14. அதே நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் (91.75) நடுவுல எட்டு சதவீதத்துக்கு மேல இடைவெளி. அதாவது பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேருக்கு நடுவுல மதில் சுவரு எழுப்பி, எங்கயோ இருக்கிற ஒருத்தரை இந்தப் பக்கம் சேத்து வச்சிருக்கேன். டேட்டா சரி, கலர் சரி, சாஃப்ட்வேர் சொன்னபடி சரியாதான் பண்ணியிருக்கு. ஆனா மேப் சொன்ன சேதி தப்பு.

இது எப்படி நடக்குதுன்னா, குவான்டைல் முறைக்கு எண்ணோட அளவு பத்தி கவலையே கிடையாது, வரிசை மட்டும்தான் அதுக்குத் தெரியும். 32 மாவட்டத்தை மேல இருந்து கீழ அடுக்கி, எட்டு எட்டா வெட்டிடும். முதல் எட்டு: கன்னியாகுமரி, சென்னை, தூத்துக்குடி, நீலகிரி, காஞ்சிபுரம், திருவள்ளூர், கோவை, நாகப்பட்டினம். ஒன்பதாவது மதுரை. கத்தி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல விழணும்னு முன்னாடியே முடிவாகிடுச்சு, அங்க இடைவெளி இருக்கா இல்லையான்னு அது பாக்காது. ஸ்கூல்ல "முதல் எட்டு பேருக்குப் பரிசு"ன்னு சொன்னா எட்டாவது வந்த பையனுக்கும் ஒன்பதாவது வந்த பொண்ணுக்கும் அரை மார்க் வித்தியாசம் இருந்தாலும் பரிசு ஒருத்தருக்குத்தானே, அதே கதை.

ஈக்வல் இன்டர்வல் நேர் எதிர். அதுக்கு எத்தனை மாவட்டம் எந்தப் பெட்டியில விழுதுங்கிறது கவலை இல்ல, எண்ணோட நீளம்தான் கணக்கு. குறைஞ்சது தருமபுரி 68.54, அதிகம் கன்னியாகுமரி 91.75, நடுவுல 23.21. அதை நாலா வகுத்தா ஒவ்வொரு படியும் 5.80 சொச்சம். வெட்டு விழுற இடம் 74.34, 80.145, 85.95. பைத்தான்ல பாக்கணும்னா `import numpy as np` போட்டுட்டு ரெண்டு வரிதான், `v`ங்கிறது 32 எண்ணும் இருக்கிற லிஸ்ட்:

```python
np.linspace(min(v), max(v), 5)
np.quantile(v, [0.25, 0.5, 0.75])
```

முதல் வரி ஈக்வல் இன்டர்வல், ரெண்டாவது குவான்டைல். குவான்டைல் வெட்டு 74.55, 79.51, அப்புறம் 83.5-ஐ ஒட்டி வரும். QGISங்கிற மேப் சாஃப்ட்வேர்ல இதே விஷயம் லேயர் ப்ராப்பர்ட்டீஸ்ல `Symbology` போய் `Graduated` வச்சா `Mode`ங்கிற பெட்டிக்குள்ள `Equal Interval`, `Equal Count (Quantile)`னு இருக்கும். ஒரு கிளிக்தான்.

ஈக்வல் இன்டர்வல் போட்டா மேப் எப்படி மாறுதுன்னு பாருங்க. அடர் கலர்ல மூணே மாவட்டம், கன்னியாகுமரி, சென்னை, தூத்துக்குடி. அடுத்த கலர்ல 12, அதுக்கடுத்து 9, கடைசி வெளிர் கலர்ல 8. மதுரையும் நாகப்பட்டினமும் ஒரே கலர், மதுரைக்காரருக்கு நியாயம் கிடைச்சாச்சு. ஆனா இப்ப வேற ஒருத்தர் கேள்வி கேக்கலாம். விருதுநகர் 80.15. வெட்டு 80.145. வெறும் 0.005-ல தப்பிச்சு மேல் கலர்ல உக்காந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல சிவகங்கை 79.85, அது கீழ் கலர். குவான்டைல்ல இவங்க ரெண்டு பேரும் ஒரே பெட்டி. ஆக எந்த முறையும் யாரையாவது ஒரு இடத்துல அநியாயமா பிரிக்கத்தான் போகுது, எங்க யாரைப் பிரிக்குதுங்கிறதுதான் வித்தியாசம்.

ஒரு விஷயம் மட்டும் ரெண்டு மேப்லயும் மாறல. கடைசி எட்டு. பெரம்பலூர், திருவண்ணாமலை, சேலம், ஈரோடு, விழுப்புரம், கிருஷ்ணகிரி, அரியலூர், தருமபுரி. எப்படி வெட்டினாலும் இவங்கதான் கீழ வர்றாங்கன்னு நானும் முதல்ல தைரியமா இருந்தேன். அப்புறம் சும்மா கிளாஸை நாலுல இருந்து அஞ்சாக்கி ஈக்வல் இன்டர்வல் ஓட்டிப் பாத்தா முதல் வெட்டு 73.18-க்குப் போயிடுச்சு, பெரம்பலூரும் (74.32) திருவண்ணாமலையும் (74.21) கடைசிப் பெட்டியில இருந்து வெளிய வந்துட்டாங்க. முறைய மாத்தாம எண்ணிக்கைய மட்டும் மாத்தினதுக்கே இப்படி. "பின்தங்கிய மாவட்டங்கள்"னு சிவப்பு அடிச்சு ஒரு ரிப்போர்ட் போனா அந்த ரெண்டு ஊரும் அதுல வர்றதும் வராததும் நான் கிளாஸ் எண்ணிக்கைப் பெட்டியில 4 வைக்கிறேனா 5 வைக்கிறேனாங்கிறதுல இருக்கு.

அப்ப ஈக்வல் இன்டர்வல்தான் நேர்மையானதா, அதையே போட்டுடலாமான்னு கேட்டா, அதே 2011 சென்சஸ்ல மக்கள் அடர்த்திய எடுத்துப் பாருங்க. சென்னை ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். ரெண்டாவது இடம் கன்னியாகுமரி, ஆயிரத்து நூறு சொச்சம். கடைசி நீலகிரி, முந்நூறுக்கும் கீழ. இதை நாலு சம படியா வகுத்தா ஒரு படி ஆறாயிரத்து ஐந்நூறைத் தாண்டும், முதல் படியே 6,800-க்கு மேலதான் முடியும். ஆக 31 மாவட்டமும் ஒரே வெளிர் கலர், நடுவுல ரெண்டு கலர் யாருக்கும் இல்லாம எந்தக் கலர் எந்த எண்ணுக்குன்னு சொல்ற லெஜண்ட்ல சும்மா நிக்குது, அடர் கலர் சென்னைக்கு மட்டும். அன்னைய சென்னை மாவட்டம் 175 சதுர கிலோமீட்டர் வாக்குலதான், ஏ4 பிரிண்ட்ல மூக்குத்தி மாதிரி ஒரு புள்ளி. மேப்பைப் பாக்குறவங்களுக்குத் தமிழ்நாடு பூரா காலியா கிடக்குற மாதிரியும், நீலகிரிக் காடும் கன்னியாகுமரித் தெருவும் ஒண்ணுங்கிற மாதிரியும் தோணும். ஒரே ஒரு மாவட்டம் ஸ்கேலையே இழுத்துட்டுப் போயிடுச்சு.

இங்க குவான்டைல் போட்டா மேப் உயிர் பெறும், மாநிலத்துக்குள்ள இருக்கிற ஏற்ற இறக்கம் தெரியும். ஆனா லெஜண்டைப் படிங்க. மேல் கலரோட எல்லை சுமார் 700-ல ஆரம்பிச்சு 26,553 வரைக்கும் ஓடும். 819 பேர் இருக்கிற மதுரையும் இருபத்தாறாயிரம் பேர் இருக்கிற சென்னையும் ஒரே கலர். எனக்குக் கேட்டா இந்த மாதிரி டேட்டாவுல சென்னைக்குத் தனி கலர் குடுத்துட்டு மிச்ச 31-ஐ குவான்டைல்ல பிரிக்கிறதுதான் நல்லது, கீழ ஒரு வரி எழுதிடணும்.

குவான்டைல்ல இன்னொரு வம்பு இருக்கு, அது வருஷத்தை ஒப்பிடும்போது வரும். தமிழ்நாட்டு எழுத்தறிவு 2001-ல 73.45, 2011-ல 80.09. பத்து வருஷத்துல ஆறரைக்கு மேல ஏறியிருக்கு. இப்ப 2001-க்கு ஒரு மேப், 2011-க்கு ஒரு மேப், ரெண்டையும் அததோட குவான்டைல்ல போட்டுப் பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டுலயும் கால்வாசி மாவட்டம் வெளிர், கால்வாசி அடர். ஏறினதே தெரியாது. தமிழ்நாடு பூரா எல்லாரும் பத்து பாயிண்ட் ஏறினாலும் அதே எட்டு மாவட்டம் அதே வெளிர் கலர்லயே நிக்கும். ஈக்வல் இன்டர்வலும் இதுல யோக்கியம் இல்ல, அந்தந்த வருஷத்தோட குறைஞ்சது அதிகத்தை வச்சு வகுத்தா அதுவும் ஏறினதை முழுங்கிடும். ரெண்டு வருஷத்துக்கும் சேத்து ஒரே வெட்டு எண்களைக் கையால டைப் பண்ணணும், வேற வழி கிடையாது.

இதெல்லாம் பட்டதுக்கு அப்புறம் நான் மேப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்றேன். எல்லா எண்ணையும் ஒரு கோட்டு மேல புள்ளியா வச்சுப் பாக்குறேன் (QGIS-ல `Histogram` டேபும் இருக்கு, ஆனா 32 மாவட்டத்துக்குப் புள்ளியே தெளிவு). எழுத்தறிவுக்கு அப்படி வச்சா கண்ணுக்கே தெரியும். மேல கன்னியாகுமரியும் சென்னையும் (90.18) தனியா நிக்கிறாங்க, அடுத்து தூத்துக்குடி வரைக்கும் நாலு பாயிண்ட் ஓட்டை. கீழ திருவண்ணாமலைக்கும் சேலத்துக்கும் (72.86) நடுவுல ஒரு ஓட்டை, தருமபுரி அதுக்கும் கீழ ஒதுங்கி நிக்குது. நடுவுல 75-ல இருந்து 85 வரைக்கும் பெரும்பாலும் ஒட்டி ஒட்டிக் கிடக்கு, அங்க பெரும்பாலான இடத்துல வெட்டினா சண்டைதான்.

மீட்டிங்குக்கு அப்புறம் திருத்தி அனுப்பின மேப்ல வெட்டு எண்களை நானே வச்சேன்: 73.5, 80.09, 88. மேலயும் கீழயும் ஓட்டை இருக்கிற இடம், நடுவுல மாநில சராசரி. 2, 13, 11, 6-னு பிரிஞ்சது. நடு வெட்டு விருதுநகரையும் சிவகங்கையையும் இப்பவும் பிரிக்குதுதான், ஆனா ஏன் பிரிக்குதுன்னு யாராவது கேட்டா "சராசரிக்கு மேல, கீழ"ன்னு ஒரு பதில் இருக்கு. லெஜண்ட்ல ஒவ்வொரு கலருக்குப் பக்கத்துலயும் எத்தனை மாவட்டம்னு எண் போட்டேன், ஒவ்வொரு மாவட்டத்து மேலயும் அதோட சதவீதத்தைச் சின்னதா எழுதினேன். டிசைன் பாக்குற தம்பி "அண்ணே, மேப் கசகசன்னு இருக்கு, அந்த எண்ணை எல்லாம் எடுத்துரலாமா"ன்னு கேட்டான். மதுரை மேல இருக்கிற 83.45-ஐ மட்டுமாவது எடுக்காதடான்னு சொன்னேன்.