தொடர்பு அழுத்தமா, தொடுகைத் தகைவா?

எஃகுக் குண்டு ஒன்றைத் தட்டையான எஃகுத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் தகட்டுக்குள் என்ன உண்டாகிறதோ, அதற்குக் காண்டாக்ட் ஸ்ட்ரெஸ் என்று பெயர். தமிழில் இதைத் 'தொடர்பு அழுத்தம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பல நாளாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் பேரிங் பற்றிய ஒரு தமிழாக்கத்தில், 'தொடர்பு அழுத்தம் மேற்பரப்பில்தான் மிகுதி என்பதால் சிதைவு அங்கேதான் தொடங்கும்' என்று படித்ததும் பொறுமை போய்விட்டது. மூலத்தில் இருந்தது இதற்கு நேர் எதிர்: சிதைவு மேற்பரப்புக்குக் கீழே தொடங்கும் என்பதுதான். மொழிபெயர்த்தவர் சோம்பேறி இல்லை, 'அழுத்தம்' என்று எழுதிய பிறகு அந்த வாக்கியம் அவருக்கே பொருந்தாமல் தோன்றியிருக்கும், திருத்திவிட்டார். சொல் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் வேர்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். காண்டாக்ட் என்பதன் லத்தீன் வேருக்குத் தொடுதல் என்று பொருள். ஸ்ட்ரெஸ் வந்த வேருக்கு இறுக்குதல், கட்டுதல் என்று பொருள். தமிழில் 'தகை' என்ற வினைக்குத் தடுத்தல், கட்டுதல் இரண்டும் உண்டு. வெளியே இருந்து விசை வரும்போது பொருள் தனக்குள் எதிர்த்துத் தடுக்கிற விசையை ஓரலகுப் பரப்புக்குக் கணக்கிட்டால் கிடைப்பது 'தகைவு'. தமிழ்நாட்டுப் பாடநூலில் இந்தச் சொல் வெகுகாலமாக இருக்கிறது. இலங்கைப் பாடநூலில் 'தகைப்பு' என்பார்கள், வேர் ஒன்றுதான். 'தொடுகை'யும் புதிதில்லை. ஆக, தொடுகைத் தகைவு. பழந்தமிழில் 'தொடு' என்றால் தோண்டு என்றும் ஒரு பொருள் உண்டு. இந்த விஷயத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பது போகப் போகத் தெரியும்.

'தொடர்பு' மீது எனக்குள்ள கோபம் சின்னதுதான். தொடர்பு எண், தொடர்பு முகவரி, தொடர்பு அலுவலர் என்று ஏற்கெனவே வேலை மிகுந்த சொல் அது. குண்டும் தகடும் தொடர்பில் இல்லை, தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இதனால் யாருக்கும் இயற்பியல் தவறாகப் புரிந்துவிடாது, விட்டுவிடலாம். விட முடியாதது 'அழுத்தம்'.

ஏன் என்று காட்ட ஒரு கணக்கு போடலாம். குண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர். தகடும் குண்டும் பேரிங்கில் வருவது போன்ற கடினமாக்கிய எஃகு. அழுத்தும் விசை 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடை. குண்டும் தகடும் ஒரு புள்ளியில் தொடுவதாகத்தான் படம் வரைவோம். உண்மையில் இரண்டும் மீட்சித்தன்மையோடு கொஞ்சம் நசுங்கி, ஒரு சிறு வட்டத்தில் தொடும். அந்த வட்டத்தின் ஆரத்தை 1881-இல் ஹென்ரிச் ஹெர்ட்ஸ் கண்டுபிடித்தார். பின்னாளில் ரேடியோ அலைகளால் பெயர் பெற்ற அதே ஹெர்ட்ஸ்தான். கண்ணாடி வில்லைகளை ஒன்றோடொன்று அழுத்தினால் அவற்றின் வடிவம் எப்படி மாறும் என்ற கேள்வியிலிருந்து அவர் இதற்கு வந்தார்.

```
a  = (3FR / 4E*)^(1/3)
p0 = 3F / (2πa²)
```

இதில் a வட்டத்தின் ஆரம், F விசை, R குண்டின் ஆரம். p0 வட்டத்தின் நடுவில் உள்ள உச்ச அழுத்தம். E* என்பது இரு பொருள்களின் யங் குணகத்தையும் பாய்சான் விகிதத்தையும் சேர்த்துக் கிடைக்கும் எண், எஃகு மேல் எஃகு என்றால் சுமார் 115 கிகா பாஸ்கல். நம் கணக்கில் a 0.148 மில்லிமீட்டர் வருகிறது. உச்ச அழுத்தம் 2.18 கிகா பாஸ்கல். வெறும் 10 கிலோவுக்கு இவ்வளவா என்றால், அத்தனையும் ஒரு புள்ளி அளவு இடத்தில் இறங்குகிறதே!

இதுவரை 'அழுத்தம்' என்று நானே எழுதினேன், கவனித்திருப்பீர்கள். அதில் தவறே இல்லை. இரண்டு பரப்புகளுக்கு இடையே ஒன்றை ஒன்று தள்ளும் அளவு அழுத்தம்தான், அதைத் 'தொடுகை அழுத்தம்' என்றே சொல்ல வேண்டும். அது வட்டத்தின் நடுவில் உச்சம், விளிம்பில் சுழி. ஆனால் அது மேற்பரப்போடு முடிந்துபோகிற அளவு. தகட்டுக்குள் நடப்பதை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது, ஒவ்வொரு இடத்திலும் எந்தத் திசையில் எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். திசையோடு சேர்ந்த அந்த அளவுதான் தகைவு.

வட்டத்தின் நடுவில், சரியாக மேற்பரப்பில் இருக்கும் எஃகைப் பாருங்கள். மேலிருந்து 2.18 கிகா பாஸ்கல் நசுக்குகிறது. அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், ஆனால் சுற்றிலும் உள்ள எஃகு விடாது, பக்கங்களிலிருந்து 1.74 கிகா பாஸ்கல் திருப்பித் தள்ளுகிறது. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெருக்கல். நாற்புறமும் நெரிசலில் சிக்கியவர் கீழே விழ மாட்டார், ஒரு பக்கம் தளர்ந்தால்தான் சாய்வார். எஃகும் அப்படித்தான். எல்லாத் திசையிலும் சமமாக நெருக்கினால் உலோகம் நிரந்தரமாக வடிவம் மாறாது. அதை மாற்றுவது திசைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. அந்த வேறுபாட்டில் பாதிதான் சறுக்குத் தகைவின் உச்சம், எஃகின் ஒரு அடுக்கை இன்னொன்றின் மேல் சறுக்கவைக்கும் அளவு. மேற்பரப்பின் நடுவில் அது 0.22 கிகா பாஸ்கல் மட்டுமே.

இனி அப்படியே நேர்கீழே இறங்குங்கள். 0.071 மில்லிமீட்டர் ஆழத்தில், அதாவது ஆரத்தில் ஏறக்குறையப் பாதியில், மேலிருந்து வரும் தகைவு 1.77-ஆகக் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. பக்கவாட்டுத் தகைவோ 0.42-க்கு விழுந்துவிட்டது. வேறுபாட்டில் பாதி 0.675 கிகா பாஸ்கல், மேற்பரப்பில் இருந்ததைப் போல 3 மடங்கு. உச்சம் இங்கேதான். இன்னும் இறங்கி 0.148 மில்லிமீட்டருக்குப் போனால் மேலிருந்து வருவதும் பாதியாகிவிடுகிறது, சறுக்குத் தகைவு 0.51-ஆகக் குறைகிறது. அதற்கும் கீழே எல்லாமே தேய்ந்துபோகிறது.

ஆக, அழுத்தம் மிகுதியாக இருக்கும் இடமும் ஆபத்து மிகுதியாக இருக்கும் இடமும் வேறு வேறு. இரண்டுக்கும் 'அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வைத்தால் வாசகர் எங்கே பார்ப்பார்? மேற்பரப்பைத்தான். இன்னும் சிலர் தெளிவாக்குவதாக நினைத்து 'மேற்பரப்பு அழுத்தம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்கு எதுவும் எழுதாமலே விட்டிருக்கலாம்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ஜெர்மன்காரர்களே ஹெர்ட்ஸ் அழுத்தம் என்றுதானே சொல்கிறார்கள்?" என்று மடக்கினார். சொல்கிறார்கள், உண்மை. அவர்கள் அந்தப் பெயரால் குறிப்பது மேற்பரப்பின் அழுத்தத்தை. உள்ளே நடப்பதைப் பேச அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. நாமோ இருக்கிற தகைவைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, அழுத்தத்தையே இரண்டு வேலையும் செய்யச் சொல்கிறோம். 'தகைவு பொதுவாசகருக்குப் புரியாது' என்பது அடுத்த வாதம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை படித்த சொல்லை ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். புரிந்ததுபோல் தோன்றித் தவறாகப் புரிவதைவிட, ஒரு நொடி நின்று யோசிக்கவைக்கும் சொல் எவ்வளவோ மேல். தனித்தமிழ் ஆர்வத்தில் இதைச் சொல்லவில்லை. தகைவு பிடிக்கவில்லையா, ஸ்ட்ரெஸ் என்றே எழுதுங்கள், அதையும் ஏற்றுக்கொள்வேன். மன உளைச்சலையும் அதே சொல்லால் சொல்கிறோம் என்பதுதான் சிக்கல். தொடுகோட்டுத் தகைவு என்ற இன்னொரு கலைச்சொல்லோடு குழம்பாதா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதனால்தான் 'தொடு தகைவு' என்று சுருக்காமல் 'தொடுகை' என்று முழுதாக எழுதச் சொல்கிறேன்.

கீழே தொடங்குகிற சிதைவு எவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தப்பும் என்பதற்கு, அதே குண்டை 250 மெகா பாஸ்கலில் மீட்சி எல்லையைத் தொடும் சாதாரண மெல்லெஃகுத் தகட்டின் மேல் வையுங்கள். உச்ச அழுத்தம் மீட்சி எல்லையைப் போல 1.6 மடங்கு ஆனதும் உள்ளே முதல் நிரந்தர மாற்றம் தொடங்கும். அதற்கு வேண்டிய விசை சுமார் 0.6 நியூட்டன், 60 கிராம் எடை! மாற்றம் தொடங்கும் ஆழம் 0.013 மில்லிமீட்டர். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, சுற்றியிருக்கும் மீட்சியுள்ள எஃகு அதைச் சிறைபிடித்து வைத்திருக்கும். வட்டத்தின் சராசரி அழுத்தம் மீட்சி எல்லையின் ஏறக்குறைய 3 மடங்கை எட்டும்போதுதான் முழுமையான பள்ளம் பதியும். கடினத்தன்மை பார்க்கும் பிரினெல் சோதனையில் இதே 10 மில்லிமீட்டர் குண்டை 3000 கிலோ எடை விசையில் அழுத்துவது அந்தப் பள்ளத்துக்காகத்தான்.

பேரிங்கில் இது இன்னொரு விதமாக வெளிப்படும். அங்கே குண்டு உருண்டுகொண்டே இருக்கிறது, கீழே உள்ள எஃகின் மேல் சறுக்குத் தகைவு திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறது. உச்சப் பகுதியில் அலுமினா போன்ற கடினமான துகள் ஒன்று எஃகுக்குள் கலந்திருந்தால் அதன் ஓரத்தில் விரிசல் பிறக்கும். மேற்பரப்புக்கு இணையாகக் கொஞ்ச தூரம் வளர்ந்து, பிறகு மேலே திரும்பும், ஒரு நாள் செதில் பெயர்ந்து விழும். பெயர்ந்த குழியின் அடித்தளம் அந்தச் சறுக்குத் தகைவு ஆழத்தை ஒட்டி இருந்தால் கீழிருந்து வந்ததாகச் சந்தேகிக்கலாம். குழி அம்புமுனைபோல் விரிந்து, முனையில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தால், எண்ணெயில் வந்த தூசு மேற்பரப்பைக் கெடுத்ததாகக் கொள்ளலாம்.

மேற்பரப்பில் தொடங்கும் சிதைவும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உராய்வுக் குணகம் 0.3-ஐ நெருங்கினால் சறுக்குத் தகைவின் உச்சமே மேற்பரப்புக்கு ஏறிவிடும், உயவு இல்லாத இடங்களில் இது நடக்கும். கண்ணாடியில் கதை முற்றிலும் வேறு. அது சறுக்கலால் கெடுவதில்லை, இழுவிசையால் உடையும். தொடுகை வட்டத்தின் விளிம்பை ஒட்டி மேற்பரப்பில் ஆரத்திசையில் இழுவிசை இருக்கிறது, வளையமாக விரிசல் விழுவது அங்கேதான். இதே 'தொடர்பு அழுத்தம்' அந்த விளிம்பில் சுழி என்பதை நினைவில் வையுங்கள்.

பற்சக்கரம், பேரிங் வளையம் போன்றவற்றுக்கு மேல் அடுக்கை மட்டும் கடினமாக்குவார்கள். அந்த அடுக்கு சறுக்குத் தகைவின் உச்சத்தைத் தாண்டி ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். மெல்லியதாக நின்றுவிட்டால், மேலே எவ்வளவு கடினமாக இருந்தாலும் அடியில் உள்ள மெல்லெஃகு நசுங்கி, அடுக்கு அப்படியே உடைந்து பெயரும். நான் படித்த அந்தத் தமிழாக்கத்தில் இந்த ஆழம் இருந்த வரி விடுபட்டிருந்தது. அதற்குப் பதில், மேற்பரப்பை நன்றாக மெருகேற்றச் சொல்லியிருந்தார்கள்.