ரெட்டிகுலோசைட்டை ‘இளஞ்சிவப்பணு’ என்பது சரியா?

ரத்தப் பரிசோதனை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ரெட்டிகுலோசைட்டை ‘இளஞ்சிவப்பணு’ என்று போடுகிறார்கள். உட்கருவை இழந்தும் இன்னும் முழுதாக முதிராத சிவப்பணுதான் ரெட்டிகுலோசைட்; ஆகவே இளமையான சிவப்பணு என்ற பொருளில்தான். இனியும் சும்மா இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மூலச்சொல்லில் பெரிய மர்மம் இல்லை. ‘ரெட்டிகுலம்’ என்றால் லத்தீனில் சிறு வலை. ‘சைட்’ என்பது கலத்தைக் குறிக்கும் கிரேக்க ஈறு. வலையணு, அவ்வளவுதான். இளமை என்ற பொருள் அதில் எங்குமே இல்லை.

இளமையைப் பெயராக வைத்தால் என்ன கெட்டுவிடும்? எலும்பு மஜ்ஜையில் உருவாகிவரும் சிவப்பணு வரிசை முழுவதுமே இளசுதான் என்பதே முதல் சிக்கல். வரிசையின் தொடக்கம் புரோஎரித்ரோபிளாஸ்ட். பெரிய அணு, அணுவை ஏறக்குறைய நிரப்பும் வட்டமான உட்கரு, அதற்குள் மென்மையான குரோமாட்டின், ஒன்றிரண்டு நியூக்ளியோலஸ், சுற்றிலும் ஆழ்ந்த நீலச் சைட்டோபிளாசம். அடுத்த நிலையில் நீலம் அப்படியே இருக்கும். நியூக்ளியோலஸ் மறைந்து குரோமாட்டின் தடிக்கும். அதற்கடுத்ததில் ஹீமோகுளோபினின் சிவப்பு நீலத்தோடு கலந்து சாம்பல் நிறமாகும். இரண்டாகப் பிரிந்து பெருகும் திறனுள்ள கடைசி நிலை இதுதான். நான்காவதில் உட்கரு சுருங்கி மைத்துளி போலக் கெட்டியாகிவிடும், சைட்டோபிளாசம் ஏறக்குறைய சிவந்துவிடும். அந்த உட்கருவை வெளியே தள்ளிய பிறகு மிஞ்சுவதுதான் ரெட்டிகுலோசைட். ஆக, ஐந்து பேரில் மூத்தவருக்கு ‘இளஞ்’ பட்டம்!

இரண்டாவது சிக்கல் இன்னும் வேடிக்கை. ‘இளஞ்சிவப்பு’ தமிழில் ஏற்கெனவே ஒரு நிறத்தின் பெயர். ‘இளஞ்சிவப்பணு’ என்று படிக்கிற மாணவர் வெளிர்சிவப்பான அணுவைத்தான் தேடுவார். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாக இழுத்து லீஷ்மன் சாயமிட்ட ஸ்மியரில் அந்த நிறத்தில் தெரிவது முதிர்ந்த சிவப்பணு. ரெட்டிகுலோசைட் அதைவிடச் சற்றுப் பெரிதாக, நீலம் கலந்த சாம்பல் சாயலோடு இருக்கும்; எஞ்சிய ஆர்என்ஏ நீலச் சாயத்தைப் பிடித்துக்கொள்வதே காரணம். பெயர் சொல்லும் நிறம் ஒன்று, கண்ணில் படும் நிறம் வேறு.

‘வலை என்பது உண்மையில் அணுவுக்குள் இல்லையே, சாயம் உண்டாக்கிய கோலம்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உயிரோடு உள்ள அணுவில் அந்த ஆர்என்ஏ அடங்கிய ரைபோசோம்கள் சிதறித்தான் கிடக்கின்றன. ஸ்மியர் இழுப்பதற்கு முன்பே ரத்தத்தை நியூ மெத்திலீன் ப்ளூவுடன் கலந்து சிறிது நேரம் வைத்தால் அவை திரண்டு நீல இழைகளாகவும் புள்ளிகளாகவும் படிகின்றன. லீஷ்மனில் மெத்தனால் அணுவை முதலிலேயே நிலைப்படுத்திவிடுவதால் வலை உருவாவதில்லை, பொதுவான நீலச் சாயல் மட்டும் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், வலை என்ற பெயரின் பலமே இதுதான். எந்தச் சாயத்தில் தேட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. ‘இளமை’ எந்தச் சாயத்திலும் தெரியாது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. ஓர் அறிக்கையில் வெள்ளணு எண்ணிக்கை 21,600, கீழே ‘இளஞ்சிவப்பணு 8’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 8 சதவீத ரெட்டிகுலோசைட்டா, 100 வெள்ளணுக்களுக்கு 8 உட்கருவுள்ள சிவப்பணுக்களா? முதலாவது என்றால் மஜ்ஜை வேகமாக உற்பத்தி செய்கிறது என்று எண்ணலாம், வெள்ளணு எண்ணிக்கையில் மாற்றமில்லை. இரண்டாவது என்றால், உட்கரு உள்ள எதையும் வெள்ளணுவாக எண்ணும் கருவி இவற்றையும் சேர்த்திருக்கும். 21,600-ஐ 100-ஆல் பெருக்கி 108-ஆல் வகுக்க வேண்டும். உண்மையான எண்ணிக்கை 20,000. அப்புறம், பெரியவர்களின் ரத்தத்தில் உட்கருவுள்ள சிவப்பணு வருவதே வழக்கமில்லை, அது ஏன் வந்தது என்றும் தேட வேண்டும். ஒரே சொல், இரண்டு வேறு விசாரணைகள்.

நுண்ணோக்கியில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. உட்கரு இருந்தால் அது ரெட்டிகுலோசைட் இல்லை. நான்காம் நிலை அணுவை எளிதில் சிறு லிம்போசைட் என்று நினைத்துவிடலாம். அப்போது உட்கருவை விட்டுச் சைட்டோபிளாசத்தைப் பாருங்கள். லிம்போசைட்டில் அது மெல்லிய வெளிர்நீல விளிம்பு, இதில் சாம்பலோ சிவப்போ கலந்த அகலமான பரப்பு.

அதனால் ரெட்டிகுலோசைட்டுக்கு ‘வலைச் சிவப்பணு’, முந்தைய நான்கு நிலைகளுக்கும் பொதுவாக ‘உட்கருவுள்ள சிவப்பணு’. இந்த இரண்டாவதை ‘கருவுற்ற சிவப்பணு’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். சிவப்பணுவுக்கு எத்தனையாவது மாதம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.