தண்ணீர் வந்துவிட்டது என்றால் மண் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை

போன மாதம் கொள்ளிடக் கரையோரப் படுகையில் வாழை போடும் ஒரு விவசாயி மண் பரிசோதனை அறிக்கையோடு வந்தார். வயலில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. வடிகாலுக்காகத் துளையிட்ட குழாய்களை 21 மீட்டர் இடைவெளியில் மண்ணுக்கடியில் புதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "இவ்வளவு குழாய் வேணுமா சார்?" என்பதுதான் அவர் கேள்வி.

அறிக்கையில் k, அதாவது மண் வழியே தண்ணீர் ஊடுருவும் திறன், 0.002 செ.மீ./வினாடி என்று இருந்தது. கீழே வெப்பநிலைத் திருத்தம் மூன்று தசம இலக்கம் வரை அழகாகப் போட்டிருந்தார்கள். நான் வாசிப்புத் தாளைக் கேட்டு வாங்கினேன். மண்ணை நிரப்பிச் சோதிக்கும் உருளையான மோல்டின் விட்டம் 10 செ.மீ., மண்ணின் உயரம் 12.73 செ.மீ., நீர்மட்ட வேறுபாடு 30 செ.மீ. ஐந்தைந்து நிமிடமாகப் பிடித்த தண்ணீர் 131, 111, 92 மி.லி. இந்த மூன்றின் சராசரியை எடுத்து k = QL / (A h t) என்ற சூத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். Q பிடித்த தண்ணீர், L மண்ணின் உயரம், A மோல்டின் குறுக்குப்பரப்பு, h நீர்மட்ட வேறுபாடு, t நேரம்.

இதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. மட்டம் மாறவில்லை, மண் மாறவில்லை, அப்புறம் தண்ணீர் மட்டும் ஏன் குறைந்துகொண்டே போகிறது? குறையும் எண்களுக்குச் சராசரி எடுப்பது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸை நின்ற இடமென்று குறித்துக்கொள்வது மாதிரி. சோதனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கேட்டால் எல்லா லேபிலும் ஒரே பதில்தான்: "வெளியே தண்ணீர் வந்துச்சு சார், சாச்சுரேட் ஆயிடுச்சு." மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நிறையவில்லை. காய்ந்த மணலில் மேலிருந்து தண்ணீர் விட்டால் அது பெரிய இடைவெளிகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் சிறு இடைவெளிகளில் காற்று மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்தக் குமிழிகள் கல் மாதிரி வழியை அடைக்கின்றன. கீழே குழாயில் தண்ணீர் கொட்டத்தான் செய்யும், ஆனால் அது மண்ணின் பாதி வழியில் வந்த தண்ணீர். போதாக்குறைக்கு, குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் மண்ணுக்குள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழியாகப் பிரிகிறது. 131, 111, 92 என்று இறங்கியதற்கு அதுதான் காரணம் என்று சந்தேகப்பட்டேன். நுண்துகள் போய், மண்ணைத் தாங்கித் தண்ணீரை மட்டும் விடும் வடிகல்லை அடைத்தாலும் இப்படி இறங்கும், அதனால் அதையும் கழுவிப் பார்க்கச் சொன்னேன்.

அதே மண்ணை, வயலில் அளந்த அதே அடர்த்திக்கு மறுபடி நிரப்பினோம். கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்த தண்ணீரைக் கீழிருந்து மெதுவாக ஏற்றினோம். மேல் வால்வு திறந்தே இருந்தது. முதலில் பொசபொசவென்று காற்று, பிறகு குமிழியும் தண்ணீருமாக, கடைசியில் வெறும் தண்ணீர். அதன் பிறகும் இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் வந்த வாசிப்பு 223, 221, 222 மி.லி. k = 0.004 செ.மீ./வினாடி. சரியாக இரண்டு மடங்கு!

வடிகால் இடைவெளி ஏறத்தாழ k-யின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆக 21 மீட்டர் 30 மீட்டராகிறது. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 140 மீட்டர் குழாய் மிச்சம். இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே அறிக்கையை வைத்து அவர் பண்ணைக்குட்டையும் வெட்டவிருந்தார். கசிவு k-க்கு நேர் விகிதம், வர்க்கமூலமெல்லாம் அங்கே கிடையாது. கணக்கில் போட்டதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குட்டையிலிருந்து போயிருக்கும்.

வெப்பநிலைத் திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. 32 டிகிரியில் செய்த சோதனையை 27 டிகிரிக்கு மாற்றினால் வித்தியாசம் 10 சதவீதம்தான். காற்று இங்கே தின்றது 50 சதவீதம்.

லேபில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: அடுத்தடுத்த மூன்று வாசிப்பு ஒத்துப்போகாமல் பேனாவை எடுக்காதீர்கள். பிறகு நீர்மட்டத்தை மாற்றி இன்னும் இரண்டு முறை ஓட்டுங்கள். k மாறக்கூடாது. மட்டம் கூடக் கூட k ஏறினால் மோல்டின் பக்கச்சுவரை ஒட்டித் தண்ணீர் வழிகிறது, அல்லது நுண்துகள் அரித்துப்போகிறது என்று பாருங்கள். h என்பது இரண்டு திறந்த நீர்மட்டங்களுக்கு இடையிலான உயரம். தொட்டியிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. களிமண் வந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் சொட்டுவதை அளப்பதற்குள் பாதி ஆவியாகிவிடும், நீர்மட்டம் இறங்கும் வேகத்தை அளக்கும் இறங்குமட்டச் சோதனைக்குப் போங்கள்.

அந்த விவசாயியிடமும் 30 மீட்டரை முடிவாகச் சொல்லவில்லை. மோல்டில் தண்ணீர் செங்குத்தாக ஓடுகிறது, வயலில் குழாயை நோக்கிப் பெரும்பாலும் கிடையாக வருகிறது. ஆற்று வண்டல் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணில் கிடைவாட்டு ஊடுருவல் பொதுவாக அதிகம். ஆகர் என்ற மண்துளைக் கருவியால் குழி தோண்டி, நீரை இறைத்துவிட்டு, மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மூன்று இடத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். குழாய் வாங்குவதை அதுவரை தள்ளிப்போட அவர் சம்மதித்துவிட்டார்.