தெளிந்த ஊடகம் சொல்லும் பொய்

உயிர்க் கலங்களைக் குடுவையில் வளர்க்கும் கல வளர்ப்புச் செய்முறைக்கு முதன்முதலாக வரும் மாணவர்கள் கலங்கிய குடுவையைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது நேர்மையான எதிரி. பற்றீரியா புகுந்தால் ஓரிரு நாளில், கலங்கள் வளரும் திரவமான ஊடகம் கலங்கும், அதன் சிவப்பு மஞ்சளாக மாறும். பங்கசு பஞ்சுத் துணுக்குகள்போல மிதக்கும். கொழும்பின் மழை மாதங்களில் அதை அடிக்கடி காண்கிறோம். இவற்றைக் கண்ணே பிடித்துவிடும். எனக்குக் கவலை தருவது, எதையும் காட்டாமல் குடியிருக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியா வகை.

ஒரு பருவத்தில் எங்கள் மாணவி ஒருவர் வளர்த்த ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சி மெதுவானது. நான்கில் ஒரு பங்காகப் புதிய குடுவைக்குப் பிரித்து வைத்தால் மூன்று நாளில் குடுவையின் அடியை நிரப்பிவிடும் கலங்கள், ஐந்து நாளாகியும் இடைவெளி விட்டுக் கிடந்தன. "மிஸ், ஊடகம் தெளிவாகத்தானே இருக்கிறது? பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் போட்டிருக்கிறேன்" என்றார். அவர் சொன்ன இரண்டுமே உண்மை. இரண்டாலும் பயனில்லை.

பென்சிலின் பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்குக் கலச்சுவரே கிடையாது. மிகச் சிறியதும் வளைந்து கொடுப்பதுமான அது, நாம் ஊடகத்தை வடிக்கும் 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியைக்கூடத் தாண்டிவிடும். ஒரு மில்லிலீற்றரில் கோடிக்கணக்கில் இருந்தாலும் ஊடகம் கலங்காது. கலங்களின் உணவை உண்டு அவற்றின் வளர்ச்சியையும் வளர்சிதை மாற்றத்தையும் குலைக்கும். அந்தக் கலங்களில் எடுக்கும் அளவீடு எதையும் நம்ப முடியாது.

ஐயத்தைத் தீர்க்க ஹோக்ஸ்ட் சாயத்தைப் பயன்படுத்தினோம். நுண்ணுயிர்கொல்லி மைக்கோபிளாஸ்மாவை ஒழிக்காவிட்டாலும் அதன் எண்ணிக்கையைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்துவிடக்கூடும் என்பதால், முதலில் கலங்களை இரண்டு வாரம் மருந்தின்றி வளர்த்தோம். பிறகு கண்ணாடித் துண்டில் ஒட்டவைத்து, மெதனோலும் அசற்றிக் அமிலமும் 3:1 என்ற அளவில் கலந்த கரைசலால் நிலைப்படுத்தி, டி.என்.ஏ.யில் ஒட்டும் அந்தச் சாயத்தை இட்டோம். சுத்தமான கலங்களில் கருக்கள் மட்டுமே நீலமாய் ஒளிரும், சுற்றிலும் இருட்டாயிருக்கும். அந்த மாணவியின் கண்ணாடித் துண்டிலோ கருவைச் சுற்றியும் கலங்களின் இடைவெளியிலும் மணல் தூவியதுபோல ஒரே அளவான நுண்புள்ளிகள் ஒளிர்ந்தன. உடைந்த கருக்களின் துணுக்குகளும் ஒளிரும். ஆனால் அவை அளவில் ஒழுங்கற்றவை. குழப்பம் வராமலிருக்கச் சுத்தமானது என்று உறுதியாகத் தெரிந்த மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும். டி.என்.ஏ.யைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையும் தொற்றை உறுதி செய்தது.

எங்கிருந்து வந்தது? அந்தக் கலங்கள் இரண்டு மாதம் முன்பு வேறோர் ஆய்வுகூடத்திலிருந்து வந்தவை. தனியாக வைத்துச் சோதிக்காமல் பொது இன்கியூபேட்டரில் வைத்துவிட்டோம். அது எங்கள் பிழை. மாணவியும் ஒரே ஊடகப் போத்தலை வீரோ என்ற குரங்குச் சிறுநீரகக் கலங்களுக்கும் பயன்படுத்தியிருந்தார். அந்தக் குடுவையும் தொற்றுடனேயே இருந்தது.

இது எவ்வளவு எளிதில் பரவும் என்பதை 1976இல் மக்கரிட்டி என்ற ஆய்வாளர் காட்டினார். தொற்றுள்ள கலங்களை, வடிகட்டிய காற்று ஓடும் வேலை அலமாரிக்குள் டிரிப்சின் நொதியால் குடுவையின் அடியிலிருந்து கழற்றி ஒருமுறை பிரித்தபின், உயிருள்ள மைக்கோபிளாஸ்மா வேலை செய்தவரிடமும் குடுவையின் வெளிப்புறத்திலும் பிப்பெற்றைப் பிடிக்கும் கருவியிலும் கிடைத்தது. அலமாரித் தளத்தில் நான்கு முதல் ஆறு நாட்கள் கழித்தும் இருந்தது. அதே அலமாரியில் வாரமொருமுறை பிரிக்கப்பட்ட சுத்தமான வளர்ப்பு, ஆறு வாரத்தில் தொற்றியது.

ஆகவே என் மாணவர்களிடம் நான் கண்டிப்பாகப் பார்ப்பது பிப்பெற்றின் கடைசித் துளியைத்தான். அதைக் குமிழி வர ஊதித் தள்ளினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கும். நுனியைக் குடுவையின் உட்சுவரில் சாய்த்து மெல்ல வடிய விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கலவகை, அதற்கென்று ஒரு போத்தல். சுத்தமானதென்று தெரிந்த கலங்களை முதலிலும் ஐயத்துக்குரியவற்றைக் கடைசியிலும் கையாளுங்கள். இடையில் 70 சதவீத எதனோலால் தளத்தைத் துடைத்து, அது உலரும்வரை காத்திருங்கள். உலரும் அந்த நேரத்தில்தான் அது கொல்கிறது. அலமாரியின் முன் துளைத்தட்டில் செய்முறைக் கொப்பியை வைக்காதீர்கள். காற்றோட்டம் அங்கே அறுந்தால் அறைக் காற்று உள்ளே வரும். வாய்க்குழியிலும் மைக்கோபிளாஸ்மா வாழ்கிறது என்பதால் குடுவை திறந்திருக்கும்போது பேச்சு வேண்டாம்.

அந்த இரண்டு குடுவைகளையும் ஓட்டோக்கிளேவில் 121 பாகை செல்சியஸில் அழித்தோம். மருந்திட்டுக் காப்பாற்ற முடியாதா என்று அந்த மாணவி கேட்டார். அதற்கென்று மருந்துகள் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் எடுக்கும், எப்போதும் பலிப்பதில்லை, அதுவரை அந்தக் குடுவை மற்றவற்றின் அருகிலேயே இருக்கும். சோதித்துச் சுத்தமென்று கண்ட ஹீலா குப்பி ஒன்று திரவ நைதரசனில் இருந்தது. அதை உருக்கி, மருந்தில்லாத ஊடகத்தில் அவரே மீண்டும் தொடங்கினார். இரண்டாவது பிரிப்பில் கலங்கள் மூன்றாம் நாளே குடுவையை நிரப்பின.