அரை கிரவுண்டு வீட்டுக்கு ஒரு டெம்ப்ளேட்: திரையை விட்டுத் தாளிலிருந்து தொடங்குங்கள்

கொளத்தூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் இரண்டு மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து ஆட்டோகேடில் வேலை பார்க்கும் வரைபட ஆபீஸ்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில் புது வேலை வந்தால் பழைய வேலையின் ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வரையத் தொடங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதுதான் அழிகிறது. பழைய லேயர்கள், யாரோ அனுப்பிய ஃபைலிலிருந்து வந்த டைமென்ஷன் ஸ்டைல்கள், ஒரு காலத்தில் யாரோ மாற்றி வைத்த அளவுக் காரணிகள் எல்லாம் அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேருகின்றன.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நேரடி உதாரணம். தண்டையார்பேட்டையில் இருபதுக்கு அறுபது அடி மனை, அரை கிரவுண்டு. தரைத்தளப் படத்தில் மேலே வரும் லாஃப்டின் விளிம்பை முறைப்படி விட்டு விட்டு வரும் கோடாக, `HIDDEN` லைன்டைப்பில்தான் வரைந்திருந்தார்கள். சைட்டுக்கு வந்த பிரிண்டிலோ அது முழுக்கோடாக இருந்தது. தரையில் சுண்ணாம்புக் கோடு போடும்போது மேஸ்திரி கேட்டார்: "சார், இது நாலரை இஞ்ச் சுவரா, இல்ல மேல வர்றதா?" அவர் கேட்டதால் தப்பித்தது. கேட்காதவராக இருந்தால் அறைக்கு நடுவே ஒரு சுவர் எழும்பியிருக்கும்.

வரைந்தவர் மேல் தவறில்லை. அவருடைய ஃபைலில் கோட்டின் துண்டு நீளத்தைப் பெருக்கும் `LTSCALE` 50 என்று இருந்தது, கோடு ஒழுங்காக விட்டு விட்டுத் தெரிந்தது. அதை ஆபீஸின் பொது ஷீட் ஃபைலில் ஒட்டினார்கள். அங்கே `LTSCALE` 1. இந்த எண் ஃபைலோடு சேர்ந்தது, ஒட்டும்போது கூடவே வராது. மெட்ரிக் ஃபைலில் `HIDDEN` கோட்டின் ஒரு துண்டு 6.35 மி.மீ. மில்லிமீட்டரில் வரைந்த படத்தை மாடலிலிருந்தே 1:50 அளவில் பிரிண்ட் எடுத்தால், அது தாளில் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். பிரிண்டரால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது.

இதற்கு நேர் எதிரான காரணத்தாலும் கோடு முழுதாகத் தெரியும். `LTSCALE` 50 வைத்த படத்தை லேஅவுட்டில் வியூபோர்ட் வழியாகப் பிரிண்ட் எடுத்து, அங்கே துண்டைத் தாளின் அளவில் கணக்கிடும் `PSLTSCALE` 1 என்று இருந்தால், ஒரு துண்டு தாளில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். அறையின் நீளத்தில் ஒரு துண்டுகூட அடங்காது, அதனால் கோடு உடையாது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, பிரிண்ட் எடுத்த இடத்திலேயே, மாடலானால் மாடலில், லேஅவுட்டானால் வியூபோர்ட்டுக்குள் நுழையாமல் தாளிலேயே, அந்தக் கோட்டை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கிட்டப் போனதும் துண்டு துண்டாகத் தெரிந்தால் எண் சிறிது. எவ்வளவு கிட்டப் போனாலும் முழுக்கோடுதான் என்றால் எண் பெரிது, அல்லது அந்தக் கோட்டில் லைன்டைப்பே ஏறவில்லை.

டெம்ப்ளேட் போடும்போது நான் முதலில் பார்ப்பது தாளைத்தான். சைட்டில் யார் கையிலும் இருக்கப்போவது ஏ3 தாள், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்தது. அறுபது அடி நீள மனை 1:50 அளவில் ஏறக்குறைய 366 மி.மீ. வரும், ஏ3 தாளின் 420 மி.மீ. நீளத்தில் அடங்கிவிடும். எழுத்து அந்தத் தாளில் 2.5 மி.மீ. இருந்தால் வெயிலில் நின்று படிக்கலாம். விட்டு விட்டு வரும் கோட்டின் ஒரு துண்டு 3 மி.மீ. அளவில் இருந்தால் தெளிவாகத் தெரியும். இவற்றை முடிவு செய்துவிட்டு ஆட்டோகேடில் `acadiso.dwt` வைத்துப் புது ஃபைல் திறந்து இவற்றைக் கொடுங்கள்:

```
INSUNITS     4
MEASUREMENT  1
LTSCALE      0.5
PSLTSCALE    1
MSLTSCALE    1
DIMASSOC     2
```

முதல் இரண்டும் படம் மில்லிமீட்டரில், மெட்ரிக் லைன்டைப்போடு என்று உறுதி செய்பவை. `LTSCALE` 0.5 வைத்தால் 6.35 மி.மீ. துண்டு 3.2 மி.மீ. ஆகிறது. `PSLTSCALE` 1 என்பதால் 1:50 வியூபோர்ட்டிலும் 1:100 வியூபோர்ட்டிலும் தாளில் அதே நீளம்தான் வரும். `MSLTSCALE` மாடலில் வரையும்போது அனோடேஷன் ஸ்கேலுக்கு ஏற்பக் கோட்டை உடைத்துக் காட்டும். `PSLTSCALE` ஒவ்வொரு லேஅவுட்டிலும் 1 ஆக இருக்கிறதா என்று பார்த்து, மாற்றியபின் `REGENALL` கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு ஆபீஸில் யாரும் `LTSCALE` பக்கம் கை வைக்கக் கூடாது. பிரிண்ட் எப்போதும் லேஅவுட்டிலிருந்துதான்.

லேயர் விஷயத்தில் சிறிய ஆபீஸுக்கு ஒரு டஜன் போதும். நூறு லேயர் போட்டால் அவசரத்தில் எல்லோரும் ஒரே லேயரில்தான் வரைவார்கள். `A-WALL` 0.50, `S-COLM` 0.50, `A-DOOR` 0.25, `A-HIDN` 0.18, `A-DIM` 0.13 என்று கோட்டின் தடிமனை லேயரிலேயே வைத்துவிடுங்கள். நிறம், லைன்டைப், தடிமன் மூன்றும் `ByLayer`. பிரிண்ட் ஸ்டைலுக்கு `monochrome.ctb` போதும். அது நிறத்தைக் கறுப்பாக்கும், தடிமனை லேயரிலிருந்து எடுத்துக்கொள்ளும், ஆட்டோகேட் இருக்கும் எந்தக் கணினியிலும் கூடவே இருக்கும். ஆபீஸே தனியாக ஒரு ctb ஃபைல் தயாரித்தால், அது டெம்ப்ளேட்டுக்குள் போகாது. பெயர் மட்டும்தான் போகும். வேறு கணினியில் திறக்கும்போது தடிமன் எல்லாம் குலைந்துவிடும்.

எழுத்தில் இரண்டு ஸ்டைல் வைக்கிறேன். ஒன்று எண்களுக்கும் ஆங்கிலக் குறிப்புகளுக்கும், `romans.shx` எழுத்துருவில். இன்னொன்று தமிழ்க் குறிப்புகளுக்கு. கம்பி கட்டுபவருக்கும் மேஸ்திரிக்கும் "இந்த இடத்தில் சன்ஷேடு மட்டும்" என்று தமிழில் எழுதினால் போன் பேச்சு பாதி குறையும். shx எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் கிடையாது, கேள்விக்குறியாகத்தான் வரும். ஆகவே தமிழ் ஸ்டைலுக்கு விண்டோஸுடன் வரும் யூனிகோட் எழுத்துரு, நிர்மலா யூஐ, வையுங்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துரு வேண்டாம், அது இல்லாத கணினியில் அந்தக் குறிப்பு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் 'கொத்து', 'தோண்டு' போன்ற சொற்களை ஒருமுறை பிரிண்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரத்தை 0 என்றே விடுங்கள். அங்கே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் டைமென்ஷன் ஸ்டைலில் நீங்கள் வைக்கும் எழுத்து உயரம் வேலை செய்யாது. "2.5 வெச்சேன், மாறவே மாட்டேங்குது" என்று என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பதில்.

இனி டைமென்ஷன். இங்கேதான் நம் ஊர் ஆபீஸுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 மீட்டரில் பேசுகிறது, அனுமதிக்குப் போகும் படம் மீட்டரில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் அடி, இஞ்சில் பேசுகிறார்கள். இதற்காக இரண்டு படம் வரைகிற ஆபீஸ்கள் உண்டு. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் அனுமதி வாங்கிய வீடு ஒன்று, கட்டிய வீடு ஒன்று என்றாகிவிடும். படம் ஒன்றே இருக்கட்டும், ஸ்டைல் இரண்டு வையுங்கள். இரண்டையும் அனோடேட்டிவ் ஆக்கி, எழுத்து உயரம் 2.5 கொடுங்கள்.

`D-METRE` ஸ்டைலில் யூனிட் டெசிமல், இரண்டு புள்ளி இலக்கம், `DIMLFAC` 0.001. கடைசிச் சுழியத்தை மறைக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள், 2.4 என்று வராமல் 2.40 என்று வரட்டும். `D-SITE` ஸ்டைலில் யூனிட் ஆர்க்கிடெக்சுரல், `DIMLFAC` 0.0393700787. அதாவது மில்லிமீட்டரை 25.4 ஆல் வகுத்து இஞ்சாகக் காட்டச் சொல்கிறோம். ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்து, அந்தந்த லேஅவுட்டின் வியூபோர்ட்டில் மற்றதை ஃப்ரீஸ் செய்துவிடலாம்.

ஆனால் `D-SITE` ஸ்டைலின் துல்லியத்தை முழு இஞ்சில் வைக்காதீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 230 மி.மீ. சுவர், 2400 அறை, மறுபடி 230 சுவர், 1200 குளியலறை, 230 சுவர். மொத்தம் 4290. மீட்டரில் எல்லாம் சரியாகக் கூடும். இஞ்சில் சுவர் 9.06, அறை 94.49, குளியலறை 47.24. முழு இஞ்சாக்கினால் 9, 94, 9, 47, 9 என்று வந்து கூட்டுத்தொகை 168. மொத்த அளவு 168.90, அதை மென்பொருள் 169 என்று எழுதும். ஒரே தாளில் ஒரு இஞ்ச் இடிக்கிறது. ஒவ்வோர் அளவையும் மென்பொருள் தனித்தனியாக முழுமைப்படுத்துவதால்தான் இப்படி. கால் இஞ்ச் துல்லியம் வைத்தால் 9, 94½, 9, 47¼, 9 என்று 168¾ வரும், மொத்தம் 169 என்று காட்டும். வித்தியாசம் கால் இஞ்ச்சுக்குள் வந்துவிட்டது, ஆனால் தீர்ந்துவிடவில்லை. அதனால் சைட் படத்தில் அளவுச் சங்கிலியை நான் மூடுவதில்லை. அறைகளின் உள் அளவையும் வெளி மொத்தத்தையும் கொடுத்து, சுவரின் தடிமனைச் சங்கிலியில் போடாமல் குறிப்பில் '9 இஞ்ச் சுவர்' என்று எழுதிவிடலாம்.

இந்த ஒரு இஞ்சைச் சரிக்கட்ட அளவின் மேல் கையால் எண்ணைத் தட்டுவது மட்டும் கூடவே கூடாது. அப்படித் தட்டிய அளவு, பிறகு சுவரை நகர்த்தினாலும் மாறாது. சந்தேகம் வந்தால் அந்த அளவைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸில் `Text override` கட்டத்தைப் பாருங்கள். அங்கே ஒரு எண் இருந்தால் அது அளவு இல்லை, யாரோ எழுதிய எண். அழித்தால் உண்மை அளவு திரும்பிவிடும்.

எல்லாம் முடிந்ததும் டெம்ப்ளேட்டில் 2400 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, இரண்டு ஸ்டைலிலும் அளவிட்டு, ஒரு `HIDDEN` கோடும் ஒரு தமிழ்க் குறிப்பும் சேர்த்து ஏ3 தாளில் 1:50 பிரிண்ட் எடுங்கள். ஸ்கேல் வைத்தால் அந்தக் கோடு 48 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் கடையில் 'ஃபிட் டு பேஜ்' போட்டிருப்பார்கள், டெம்ப்ளேட்டில் குறையில்லை. இதற்காகவே டைட்டில் பிளாக்கில் ஒரு அளவுக்கோல் பட்டையை வரைந்து வையுங்கள், தாள் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும்.

சோதனைக் கோடுகளை அழித்து, dwt ஆகச் சேமித்துப் பொது ஃபோல்டரில் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். ஒவ்வொரு கணினியிலும் `OPTIONS` போய், `QNEW` திறக்க வேண்டிய டெம்ப்ளேட்டாக இதையே காட்டுங்கள். பின்னால் டெம்ப்ளேட்டைத் திருத்தினால், ஏற்கெனவே வரைந்த ஃபைல்கள் தாமாக மாறாது. `ADCENTER` வழியாகப் பழைய ஃபைலுக்கு ஸ்டைலை இழுத்துவிட்டாலும், அதே பெயரில் அங்கே ஒன்று இருந்தால் பழையதுதான் நிற்கும். அதனால் திருத்திய ஸ்டைலுக்கு `D-SITE-2` என்று புதுப் பெயர் வைத்து அனுப்புங்கள், எந்த ஃபைல் எந்த ஸ்டைலில் இருக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.