பில்லில் எந்த எண்ணுக்கு மஞ்சள் அடிப்பது?

மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்து குவியும் பில்களை இப்போது பல இடங்களில் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓ.சி.ஆர். மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அது ஜி.எஸ்.டி. எண், அளவு, ரேட், வரி, மொத்தம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருகிறது. பிறகு ஒருவர் உட்கார்ந்து படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாக் கட்டத்தையும் பார்ப்பதென்றால் முதலிலேயே கையால் டைப் செய்திருக்கலாம். அதனால் மென்பொருளே தனக்குச் சந்தேகமான கட்டங்களுக்கு மஞ்சள் அடித்துக் காட்டும். பார்ப்பவர் அவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்பது கணக்கு.

இந்தச் சந்தேகத்தை மென்பொருள் எங்கிருந்து பெறுகிறது? இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர். மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் நியூரல் நெட்வொர்க் ஒரு வரியின் படத்தை இடமிருந்து வலமாக மெல்லிய கீற்றுகளாகப் பார்த்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கீற்றிலும் ‘இது 8 ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு, 3 ஆக இருக்க இவ்வளவு’ என்று தனக்குத் தெரிந்த எல்லா எழுத்துகளுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. அந்தப் பங்குகளைக் கொண்டுதான் ஒவ்வொரு சொல்லுக்கும் 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் வருகிறது. `tesseract bill.png out tsv` என்று கொடுத்தால், ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்ற அளவுகளோடு `conf` என்ற பத்தியில் அதைப் பார்க்கலாம். ஒரு பில்லின் இரண்டு கட்டங்களைச் சுருக்கிப் போட்டால் இப்படி இருக்கும்:

```
left  top  width  height  conf  text
612   840  58     19      91    335.00
734   838  76     20      58    4,620.00
```

80-க்குக் கீழே வந்தால் மஞ்சள் என்று வைத்திருந்தால் 4,620.00 மாட்டும், 335.00 தப்பிவிடும். ஆனால் இந்தப் பில்லில் 4,620 சரியான எண். அதன் மேல் கடையின் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருந்ததால் மென்பொருள் தடுமாறியது, அவ்வளவுதான். தப்பு 335-இல். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ரிப்பன் தேய்ந்து, 385-இல் உள்ள 8-இன் இடது விளிம்பு அச்சில் விழவே இல்லை. மிச்சமிருந்த வடிவம் அசல் 3 போலவே இருந்ததால் 91 மதிப்பெண்ணோடு அது 3 ஆகிவிட்டது. மதிப்பெண் சொல்வது ‘என் கண்ணுக்கு இது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது’ என்பதை மட்டும்தான். காகிதத்தில் மை விழாத பகுதியைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இதைவிட மோசமானது புள்ளி காணாமல் போவது. 385.00 என்பது 38500 என்று படிக்கப்பட்டால், அந்த ஐந்து இலக்கமும் தனித்தனியே தெளிவானவை. மதிப்பெண் உயரத்தில் நிற்கும். படிக்காமல் விட்ட எழுத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது.

ஆகவே இரண்டாவது சாட்சி தேவைப்படுகிறது. நல்லவேளையாக, பில் தனக்குத்தானே சாட்சி சொல்லும். நம் பில்லில் அளவு 12, ரேட் 335, தொகை 4,620, மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 415.80, மாநில ஜி.எஸ்.டி. அதே 415.80, மொத்தம் 5,451.60. பன்னிரண்டை 335-ஆல் பெருக்கினால் 4,020 தான் வருகிறது, 4,620 வரவில்லை. மூன்றில் ஏதோ ஒன்று தப்பு. ஆனால் 4,620-இல் 9 சதவீதம் சரியாக 415.80, தொகையும் இரண்டு வரியும் கூட்டினால் சரியாக 5,451.60. ஸ்டாம்ப் மறைத்த 4,620-க்கு இரண்டு பக்கமும் ஆதரவு இருக்கிறது. சந்தேகம் அளவுக்கும் ரேட்டுக்கும் நகர்கிறது. அளவுதான் தப்பென்றால் 4,620-ஐ 335-ஆல் வகுக்க வேண்டும், 13.79 வரும், டஜன் கணக்கில் விற்கும் சரக்குக்கு அது பொருந்தாது. ரேட் தப்பென்றால் 12-ஆல் வகுக்க 385 வருகிறது. படித்ததற்கும் இதற்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், அதுவும் 3-க்கும் 8-க்கும் இடையே. மஞ்சள் இப்போது ரேட் கட்டத்துக்குப் போக வேண்டும், தொகையிலிருந்து எடுத்துவிடலாம்.

அப்படியானால் மென்பொருளே 385 என்று திருத்திவிடக் கூடாதா? கூடாது என்பதுதான் என் கருத்து. தள்ளுபடியைக் காட்டும் வரிசை ஒன்று படிக்கப்படாமல் போயிருந்தாலும் பெருக்கல் இடிக்கும். அப்போது திருத்தினால் சரியாக இருந்த ரேட்டைக் கெடுத்ததாகிவிடும். அதேபோல ‘ரவுண்ட் ஆஃப்’ என்று சில பைசா கூட்டியோ குறைத்தோ போடுவது வழக்கம். அந்தப் பைசாவைச் சேர்க்காமல் பைசா சுத்தமாக மொத்தத்தைச் சரிபார்த்தால் பில்லுக்கு ஒரு மஞ்சள் வீணாக விழும். ஒரு ரூபாய்க்குள் இருக்கும் வித்தியாசத்தை விட்டுவிடுவது நல்லது.

ஜி.எஸ்.டி. எண்ணுக்கு இந்த வேலை இன்னும் எளிது. மொத்தம் பதினைந்து இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. எழுத்து வர வேண்டிய இடத்தில் சுழியம் வந்தால் அது ஆங்கில ஓ-வாக இருக்கலாம் என்று இடத்தை வைத்தே ஊகிக்கலாம். கடைசி இடம் மற்ற பதினான்கிலிருந்து கணக்கிட்டு வைக்கப்படும் சோதனைக் குறி. ஒரே ஓர் இடம் மாறிப் படிக்கப்பட்டிருந்தாலும் அது பொருந்தாமல் போய்விடும். எந்த இடம் என்று மட்டும் சொல்லாது. பொருந்தினால், மதிப்பெண் குறைவாக இருந்தாலும் மஞ்சள் தேவையில்லை.

இப்படிச் சாட்சி இல்லாத கட்டங்களும் உண்டு. பில் எண், தேதி போன்றவற்றுக்கு மதிப்பெண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். அங்கே முதலில் கவனிக்க வேண்டியது சராசரி எடுக்காமல் இருப்பது. ஏழு எழுத்துள்ள பில் எண்ணில் ஆறுக்கு 99, ஒன்றுக்கு 45 என்றால் சராசரி 91, மஞ்சள் விழாமல் பச்சையாகத் தெரியும். ஆனால் ஓர் எழுத்து தப்பினாலே அது வேறு பில் எண் ஆகிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 45-ஐ.

அடுத்தது, 90 மதிப்பெண் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நவீன நியூரல் நெட்வொர்க்குகள் தங்கள் திறமைக்கு மீறிய உறுதியோடு பதில் சொல்கின்றன என்பதை 2017-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். உங்கள் பில்களில் 90-க்கு என்ன பொருள் என்பதை நீங்களே அளந்து பார்க்க வேண்டும். கையால் சரிபார்த்த சில நூறு பில்களை எடுத்து, 85 முதல் 90 வரை மதிப்பெண் பெற்ற தேதிகளில் எத்தனை உண்மையில் சரி, 90 முதல் 95 வரை எத்தனை என்று எண்ணினால் போதும். வரம்பு 80-ஆ 95-ஆ என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து வர வேண்டும், அதுவும் கட்டத்துக்குக் கட்டம் தனியாக. கடையின் முகவரியில் ஓர் எழுத்து தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. மொத்தத்தில் தப்பினால் வரிக் கணக்கே மாறும்.

வரம்பை ஏற்றிக்கொண்டே போவதிலும் ஆபத்து இருக்கிறது. திரையில் பாதி மஞ்சளாக இருந்தால் பார்ப்பவர் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்டர் தட்ட ஆரம்பித்துவிடுவார். முன்னால் 335 என்று எழுதியிருந்தால், படத்திலும் 335 தான் தெரியும், கண் அப்படித்தான். அதனால் பணம் சார்ந்த கட்டங்களில் படித்த எண்ணை மறைத்துவிட்டு, `left`, `top`, `width`, `height` அளவுகளை வைத்து படத்தின் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாகக் காட்டி, தெரிவதை டைப் செய்யச் சொல்வது நல்ல முறை. மென்பொருள் படித்ததும் அவர் அடித்ததும் ஒத்துப்போனால் முடிந்தது. இல்லையென்றால் இரண்டையும் காட்டலாம். துண்டைக் கொஞ்சம் தாராளமாக வெட்ட வேண்டும், பக்கத்துக் கட்டமும் தெரியும்படி. எண்ணின் ஓரத்தில் தொலைந்த இலக்கம் வெட்டிய கோட்டுக்கு வெளியே கிடக்கலாம்.

பார்ப்பவர் செய்யும் திருத்தங்களைச் சேமித்து வைத்து, அதைக் கொண்டே வரம்பை மறுபடி சரிசெய்கிறோம் என்கிறார்கள் சிலர். அதில் ஓர் ஓட்டை உண்டு. திருத்தம் வருவது மஞ்சள் விழுந்த கட்டங்களில் இருந்து மட்டும்தான். மஞ்சளே விழாமல் தப்பிய 335 அந்தப் பட்டியலுக்குள் ஒருநாளும் வராது. அதனால் நூறு பச்சைக் கட்டங்களுக்கு ஒன்றிரண்டைக் குலுக்கலில் எடுத்து, சந்தேகமான கட்டங்களுக்கு நடுவே, அதே மஞ்சளோடு கலந்து அனுப்ப வேண்டும். எது சந்தேகம், எது குலுக்கல் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. குலுக்கலில் வந்த கட்டங்களில் எத்தனை தப்பு வந்தது என்பதை வைத்துத்தான், யாரும் பார்க்காமல் கணக்கில் ஏறிய எண்களில் எவ்வளவு தப்பு இருக்கும் என்று மதிப்பிட முடியும்.